வெளியூர் வேலை பிள்ளைகளின் படிப்பு ஆசையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

கேள்வி: சிறிய ஊர்களிலிருந்து மூத்தவர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போவதைப் பார்த்தே வளரும் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். படிப்பையே விட்டுவிடுவார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் நடக்கின்றன. எது எந்த ஊரில் நடக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, போனவர்கள் அனுப்பும் பணத்தைவிட, போவதற்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதுதான். வெளியே இருக்கும் வேலை எட்டாம் வகுப்பைக் கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை படிப்பார்கள். நர்சிங் பட்டம் கேட்டால் நர்சிங் கல்லூரியில் இடம் தேடுவார்கள். உடல் வலிமையையும் எல்லை தாண்டும் துணிவையும் மட்டும் கேட்டால், பதினாறு வயதில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். சொல்வதற்கு எளிதாக இருந்தாலும், பணத்தின் விளைவையும் தகுதி விதியின் விளைவையும் பிரித்துக் காட்டுவது கடினம். பணமும் விதியும் எப்போதும் சேர்ந்தே ஊருக்குள் வருகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும் ஒரு நிகழ்வு நேபாளத்தில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நேபாள மலைப்பகுதிகளில், வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பவரை ‘லாஹுரே’ என்று அழைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூருக்குப் போய் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்தவர்களால் வந்த பெயர் அது. லாகூருக்கு இன்று எவரும் போவதில்லை என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. பிரிட்டிஷார் 1815 முதல் கூர்க்கா வீரர்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் எல்லாச் சாதியினரையும் சேர்க்கவில்லை. குருங், மகர், ராய், லிம்பு ஆகிய சில இனக்குழுக்களை ‘போர்க்குணம் கொண்டவர்கள்’ என்று வகைப்படுத்தி, பெரும்பாலும் அவர்களிலிருந்தே ஆள் எடுத்தார்கள். அந்த வகைப்பாடு ஏகாதிபத்திய காலத்துக் கற்பனை. ஆனால் அதன் விளைவு கற்பனையாக இருக்கவில்லை. அந்தக் குழுக்களில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு, அடுத்த பள்ளத்தாக்கில் பிறந்த வேறு குழுவின் குழந்தைக்கு இல்லாத ஒரு வாய்ப்பு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது.

அந்த வாய்ப்பு நெடுங்காலமாக உடலை மட்டுமே சோதித்தது. உயரம், மார்பளவு, பார்வை ஆகியவற்றைப் பார்த்தார்கள். ஓட்டத் தேர்வு வைத்தார்கள். ‘டோக்கோ’ எனப்படும் மூங்கில் கூடையில் மணலை நிரப்பி, அதன் கயிற்றுப் பட்டையை நெற்றியில் தாங்கிக்கொண்டு செங்குத்தான மலைப்பாதையில் ஓடும் தேர்வு உலகப் புகழ் பெற்றது. பள்ளிப் படிப்பைப் பற்றிக் கேள்வி இருக்கவில்லை. ஆகவே மகனைப் படையில் சேர்க்க நினைத்த ஒரு தகப்பன், அவனை ஏழாம் வகுப்பில் உட்கார வைப்பதைக் காட்டிலும் மலையில் சுமை தூக்க வைப்பதே பயன் தரும் என்று கருதியிருந்தால், அது அறியாமையாகாது. அந்தத் தேர்வுக்கு அதுவே சரியான தயாரிப்பு.

பின்னர் 1993-இல் பிரிட்டிஷ் படை ஒரு விதியை மாற்றியது. பனிப்போர் முடிந்து படையின் அளவு குறைக்கப்பட்டுவந்த காலம் அது. கூர்க்காவாகச் சேர விரும்புபவர் குறைந்தது எட்டு ஆண்டுகள் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பின்னாளில் அது பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஊருக்குள் வேறு எதுவும் உடனே மாறவில்லை என்பதுதான். ஊருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் அப்படியே வந்தது. விடுப்பில் வந்த லாஹுரே கட்டிய வீடும் அவரைப் பற்றிய பேச்சும் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடங்கள் திடீரென்று நல்ல பள்ளிக்கூடங்களாகவும் ஆகிவிடவில்லை. மாறியது தகுதி விதி ஒன்றுதான்.

பொருளியலாளர் ஸ்லேஷ் ஷ்ரேஸ்தா இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார். அவர் இரண்டு ஒப்பீடுகளை ஒன்றாகச் செய்தார். விதி மாறியபோது ஆள்சேர்ப்பு வயதைக் கடந்துவிட்டவர்களையும் இன்னும் கடக்காத இளையவர்களையும் ஒப்பிட்டார். அதே இடைவெளி, படைக்கு எடுக்கப்படாத பிற இனக்குழுக்களின் ஆண்களிடம் எவ்வளவு இருந்தது என்றும் பார்த்தார். நாடு முழுவதும் பள்ளிக் கல்வி வளர்ந்துகொண்டிருந்ததால் இந்த இரண்டாவது ஒப்பீடு இல்லாமல் எதையும் சொல்லிவிட முடியாது. இப்படிக் கழித்துப் பார்த்த பிறகும், கூர்க்கா குழுக்களைச் சேர்ந்த ஆண்களின் படிப்பு சராசரியாக ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே உயர்ந்திருந்தது. பள்ளிப் படிப்பின் சராசரியே சில ஆண்டுகளாக மட்டும் இருந்த தலைமுறையில் ஓராண்டு உயர்வு என்பது மிகப் பெரிது. புதிய பள்ளிகளைக் கட்டியோ உதவித்தொகை கொடுத்தோ இவ்வளவு உயர்வைக் கொண்டுவருவது பல அரசுகளுக்கு இயலாத காரியம்.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, தேர்வு பெறாதவர்களின் கதை. ஆண்டுக்குச் சில நூறு இடங்களுக்குப் பல ஆயிரம் இளைஞர்கள் வருகிறார்கள். ஆகவே விதிக்காகப் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் படைக்குப் போகவே இல்லை. ஆனால் படித்த படிப்பு அவர்களிடமே தங்கியது. ஊரில் தங்கியவர்கள் வேலைச் சந்தையில் முன்பைவிட நல்ல நிலையில் இருந்தார்கள் என்று ஷ்ரேஸ்தா காட்டுகிறார். கனவு கைகூடாமல் போனாலும், அந்தக் கனவுக்காகச் சேர்த்த ஒன்று வேறு இடத்திலும் செல்லுபடியானது. சுமை தூக்கி ஓடிப் பழகிய கால்களுக்கு அப்படி வேறு சந்தை இருக்கவில்லை.

இப்போது இதற்கு நேர் எதிரான இடத்துக்கு வருவோம். மெக்சிகோவின் கிராமப்புறங்களிலிருந்து அமெரிக்காவுக்கு, அவர்கள் சொல்வதுபோல் ‘எல் நோர்த்தே’வுக்கு, அதாவது வடக்குக்கு, தலைமுறை தலைமுறையாக ஆண்கள் போயிருக்கிறார்கள். பெரும்பாலோர் உரிய ஆவணம் இல்லாமல் போனவர்கள். பண்ணையிலும் கட்டுமானத்திலும் உணவகச் சமையலறையிலும் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அந்த வேலைகளில், மெக்சிகோவில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஊரில் இருந்துவிட்டால் அந்த மூன்று ஆண்டுகளுக்கு மதிப்பு உண்டு. எல்லையைத் தாண்டினால் கிட்டத்தட்ட இல்லை. அங்கே போவதற்கு உண்மையில் தேவைப்படுவது வேறொரு செல்வம்: அழைத்துச் செல்பவருக்குக் கொடுக்கப் பணம், அங்கே முதல் சில வாரங்கள் தங்க ஓர் உறவினர் வீடு, வேலைக்குச் சிபாரிசு செய்ய ஒரு மாமனோ அண்ணனோ. இவற்றில் எதையும் பள்ளிக்கூடம் தருவதில்லை.

டேவிட் மெக்கென்சி, ஹில்லெல் ராப்போப்போர் ஆகிய இருவரும் மெக்சிகோ கிராமப்புறக் குடும்பங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு, வடக்கே ஆள் போன வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு குறைகிறது என்பதுதான். இத்தனைக்கும் அந்த வீடுகளில் பணம் இருந்தது. புத்தகமும் சீருடையும் வாங்க முடியாத வறுமை அவர்களுக்கு இல்லை. பணம் மட்டுமே படிப்பை நிர்ணயிக்கும் என்றால் அந்த வீடுகளில் படிப்பு கூடியிருக்க வேண்டும். தாய் அதிகம் படிக்காத வீடுகளின் சிறுமிகளிடம் மட்டும் இந்தப் பாதிப்பு ஓரளவு தணிந்திருந்தது. உண்மையிலேயே கையில் காசில்லாத வீடுகளுக்குப் பணம் உதவியது என்பதற்கு அது அடையாளம்.

அதே ஆய்வு, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் பள்ளியை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்றும் பார்த்தது. பையன்கள் வடக்கே போனார்கள். பெண் பிள்ளைகள் எங்கும் போகவில்லை. வீட்டு வேலைக்குள் போனார்கள். தகப்பனும் அண்ணனும் இல்லாத வீட்டில் தாய் வெளிவேலைகளையும் சேர்த்துச் சுமக்க, அடுக்களையும் தம்பி தங்கையும் அந்தப் பெண்ணின் பொறுப்பாயின. இடப்பெயர்வு இளைஞர்களின் ஆசையை எப்படி வடிவமைக்கிறது என்று பேசும்போது, போகிறவனின் ஆசையை மட்டும் பேசிவிட்டு, அவன் போனதால் தன் ஆசையை மடித்து வைத்த தங்கையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அவள் படிப்பை நிறுத்தியதற்கு எந்தத் தகுதி விதியும் காரணமில்லை. வீட்டில் கைகள் குறைந்ததே காரணம். நான் முதலில் சொன்ன கருத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது.

பிள்ளைகள் நேரடியாக என்ன விரும்புகிறார்கள் என்று கேட்ட ஆய்வும் உண்டு. வடக்கே ஆட்களை அதிகம் அனுப்பும் சகாடெகாஸ் மாநிலத்தில், வில்லியம் காண்டெல், டக்ளஸ் மாஸி ஆகியோர் பள்ளி மாணவர்களிடம் கேட்டறிந்து 2002-இல் எழுதினார்கள். குடும்பத்தில் எவ்வளவு பேர் போய்வந்திருக்கிறார்களோ அவ்வளவுக்குப் பிள்ளையும் அங்கே வாழவும் உழைக்கவும் விரும்பினான். அப்படி விரும்பியவன் மேல்படிப்பை விரும்புவது குறைந்தது. படிப்பில் தோற்றவன் வெளியே போகிறான் என்று நாம் வழக்கமாக நினைக்கிறோம். பல வேளைகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது: போகப்போகிறோம் என்று முடிவு செய்தவன், அதற்குத் தேவையில்லாத ஒன்றில் உழைப்பதை நிறுத்திவிடுகிறான். ஆசிரியர் அதை ‘கவனமின்மை’ என்று எழுதுகிறார்.

வெளிநாட்டுச் சம்பளத்தைப் பற்றிய மிகையான பேச்சுகளே இளைஞர்களை இழுக்கின்றன என்ற கருத்தும் பரவலாக இருக்கிறது. அது ஓரளவே சரி. நேபாளத்தில் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகக் காத்திருந்தவர்களிடம் மகேஷ்வர் ஷ்ரேஸ்தா செய்த ஆய்வில், அவர்கள் சம்பளத்தை உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். அதே சமயம், அங்கே இறந்துபோகும் ஆபத்தை உள்ளதைவிடப் பல மடங்கு கூடுதலாக எண்ணி அஞ்சவும் செய்தார்கள். பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து நியூசிலாந்துக்குப் போகிறவர்களிடம் நிலைமை வேறாக இருந்தது: சம்பளத்தை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அங்கே இருப்பவர்கள், ஊரில் உள்ள சுற்றத்தார் கூடுதலாகப் பணம் கேட்பார்கள் என்பதால் தங்கள் வருமானத்தைக் குறைத்துச் சொல்வது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. சம்பளம் பற்றிய செய்தி இப்படி ஒரு பக்கம் ஊதியும் மறுபக்கம் சுருங்கியும் வருகிறது. போனவர் எந்த வயதில் போனார், என்ன படித்திருந்தார், யார் மூலம் போனார் என்பதை மறைக்க முடியாது. அது எல்லோரும் கண்ணால் கண்டது. பிள்ளைகள் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

அப்படியானால் தகுதியை உயர்த்திய வாய்ப்புகள் எல்லாம் நன்மையே செய்யும் என்று முடிவு கட்டிவிடலாமா? பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ்களின் அனுபவம் அதற்குத் தடை போடுகிறது. 2000-த்தை ஒட்டி அமெரிக்கா வெளிநாட்டு நர்ஸ்களுக்கான விசாவைப் பெருமளவு விரிவாக்கியது. பிலிப்பைன்ஸில் நர்சிங் கல்லூரிகள் பெருகின. வேறு படிப்பிலிருந்து மாணவர்கள் நர்சிங்குக்கு மாறினார்கள். பணியில் இருந்த டாக்டர்கள்கூட நர்ஸாகப் போவதற்காக மறுபடி வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். பாலோ அபார்காரும் கரோலைன் தியோஹரிடிஸும் செய்த ஆய்வின்படி, வெளியேறிய ஒவ்வொரு நர்ஸுக்கும் ஏறக்குறைய ஒன்பது பேர் புதிதாக நர்ஸ் உரிமம் பெற்றார்கள். நாட்டின் நர்ஸ்கள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள் என்ற அச்சத்துக்கு இது வலுவான பதில்.

ஆனால் நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு; விசா விதியோ ஒரே நாளில் மாறக்கூடியது. 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்க விசா வரிசை தேங்கியது, பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. அந்த வாய்ப்பை நம்பிச் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்று வெளியே வந்தபோது வாசல் சாத்தியிருந்தது. உள்நாட்டு மருத்துவமனைகளில் அவ்வளவு இடங்கள் இல்லை. அனுபவச் சான்றிதழுக்காகச் சம்பளமே இல்லாமல் வார்டுகளில் வேலை பார்த்த இளம் நர்ஸ்கள் இருந்தார்கள். அப்படி வேலை பார்ப்பதற்குத் தாங்களே பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். பலர் கால் சென்டர்களுக்குப் போனார்கள். அவசர அவசரமாகத் தொடங்கிய சில கல்லூரிகளின் தரம் கேள்விக்குள்ளானது. 2006-இல் நர்ஸ் உரிமத் தேர்வின் வினாக்கள் கசிந்து பெரும் விவகாரமானது. நேபாளத்து இளைஞனின் பத்தாம் வகுப்பு எங்கும் செல்லும். ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு பணிக்காகப் பெற்ற பட்டத்துக்கு அந்த வசதி குறைவு. வெளியே உள்ள வேலை கேட்கும் தகுதி எவ்வளவு பொதுவானதோ, அந்த வேலை கிடைக்காதவருக்கு அவ்வளவு பாதுகாப்பு. எவ்வளவு குறுகியதோ அவ்வளவு ஆபத்து. ஒரு குடும்பம் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதுவரை சொன்னவை நாடு தாண்டும் வேலைகள். ஊரிலிருந்து நகரத்துக்குப் போவதிலும் இதே கணக்கு செயல்படுகிறது என்பதை ராபர்ட் ஜென்சன் இந்தியாவில் நடத்திய ஒரு கள ஆய்வு காட்டியது. டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களின் கிராமங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் ஆள்சேர்ப்பாளர்களை அனுப்பினார்கள். நகரத்தில் கால் சென்டர், பிபிஓ நிறுவனங்களில் இளம் பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது, அதற்கு என்ன படித்திருக்க வேண்டும், நேர்காணலுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஊருக்குப் பணமோ பள்ளியோ சாலையோ தரவில்லை. அந்தக் கிராமங்களில் இளம் பெண்கள் திருமணத்தையும் மகப்பேற்றையும் தள்ளிப்போட்டார்கள், கூடுதலாகப் படித்தார்கள் அல்லது வேலைக்குப் போனார்கள். அந்த வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய சிறுமிகளும் அதிக அளவில் பள்ளிக்குப் போனார்கள். அவர்களின் உடல் எடைகூட மேம்பட்டிருந்தது. அதாவது, பத்து வயதுப் பெண்ணின் தட்டில் விழும் சோற்றின் அளவை, அவளுக்கு இருபது வயதில் கிடைக்கக்கூடிய வேலையைப் பற்றிய நம்பிக்கை மாற்றியது. ஆய்வுகளில் பல எண்களைப் படித்திருக்கிறேன். இதைப் படித்தபோது உண்டான உணர்வு வேறு எதைப் படித்தபோதும் உண்டானதில்லை.

உங்கள் கேள்வியில் இருந்த இரண்டு தரப்பில் ஒரு குறிப்பிட்ட ஊர் எந்தத் தரப்பு என்று எப்படிக் கண்டுகொள்வது? மாணவர்களிடம் ‘என்ன ஆக ஆசை’ என்று கேட்டால் கிடைக்கும் விடையை அதிகம் நம்ப வேண்டாம். பெரியவர் காதில் இனிக்கும் விடையே வரும். அதற்கு மாறாக, உள்ளூர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, ஒரே ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் எந்த வகுப்பில் குறைகிறார்கள் என்று ஆண், பெண் தனித்தனியாக எண்ணிப் பார்க்கலாம். வறுமையால் விடுகிறவர்கள் எல்லா வகுப்புகளிலும் சிறிது சிறிதாக உதிர்வார்கள். வெளியூர் வேலைக்காக விடுகிறவர்கள் ஒரே வகுப்பில் கொத்தாக நின்றுவிடுவார்கள். பையன்களே அதிகம் இருப்பார்கள். அந்த வகுப்பு, வெளியே உள்ள வேலை கேட்கும் குறைந்தபட்சத் தகுதியோடோ வேலைக்குச் சேர்க்கும் வயதோடோ பொருந்தும். பெண்களின் எண்ணிக்கை அதற்குச் சற்று முன்போ பின்போ தனியாகச் சரிந்தால், ஆள் போன வீடுகளில் யார் சமைக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

அப்படிக் கொத்தாக நிற்கும் வகுப்பு தெரிந்துவிட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் படிப்பின் பெருமையைப் பேசுவதில் பயனில்லை. அவர்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் அறியாதது, தாங்கள் கண்ட அந்த ஒரு வேலைக்கு அப்பால் வேறு என்ன வேலைகள் இருக்கின்றன, அவை என்ன கேட்கின்றன என்பதுதான். ஜென்சனின் ஆள்சேர்ப்பாளர்கள் அந்தக் கிராமங்களில் சொன்னதும் அதைத்தான்.